கொள்கை மாற்றச் செய்தியில் ‘திடீர்’: எந்தச் சொல்லை எங்கே எழுதுவது?

அரசு ஒரு விதியை மாற்றியதும் செய்தி எழுத உட்காரும் புதியவரின் கை முதலில் தேடும் சொல் ‘திடீர்’. திடீர் அறிவிப்பு, திடீர் உத்தரவு, திடீர் தடை, திடீர் வாபஸ். மூன்றாவது பத்தியில் அதே சொல் நான்காவது முறை வரும்போது உறுத்தும். உடனே மாற்றுச் சொல்லுக்கு அலைவார். ஓரிடத்தில் ‘அதிரடி’ என்றும், இன்னோரிடத்தில் ‘எதிர்பாராத’ என்றும், மற்றோரிடத்தில் ‘துரித’ என்றும் மாற்றிவிட்டு, பிரதி மெருகேறிவிட்டதாக நினைப்பார். உண்மையில் அந்த இடத்தில்தான் செய்தி பிழையாகத் தொடங்குகிறது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் வாசகரிடம் வேறு வேறு தகவலைச் சொல்கின்றன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லியிருப்போம்.

செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக எல்லோர் நினைவிலும் இருக்கும் ஒரு செய்தியையே வைத்துக்கொள்வோம்: 2016 நவம்பர் 8 அன்று வெளியான, ரூ.500, ரூ.1000 நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. ‘திடீர்’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடைப்பது கடினம். அதிலேயே அந்தச் சொல் எங்கெல்லாம் தடுமாறுகிறது என்று பார்த்துவிட்டால் மற்றவை எளிது.

முதல் வேலை: தேதிகளையும் நேரத்தையும் தனியே எழுதுங்கள்

சொல்லைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதுங்கள். முடிவு எப்போது எடுக்கப்பட்டது? எப்போது அறிவிக்கப்பட்டது? எப்போது அமலுக்கு வருகிறது? அதன்படி நடந்துகொள்ள மக்களுக்குக் கடைசி நாள் எது? இந்த நான்கில் எது தெரியவில்லையோ அந்த வரியைக் காலியாக விடுங்கள். அரசாணை, அரசிதழ் அறிவிக்கை, ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை போன்ற மூல ஆவணத்தில் இந்தத் தேதிகள் பெரும்பாலும் இருக்கும். செய்திக்குறிப்பில் சில நேரம் இருக்காது. அதனால் குறிப்போடு நிற்காமல் ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

2016 செய்திக்கு அந்த இரவில் இந்தத் தாள் எப்படி இருந்திருக்கும்? அறிவிப்பு: செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பிறகு, பிரதமர் நரேந்திர மோடியின் தொலைக்காட்சி உரை. அமல்: அன்று நள்ளிரவு. கடைசி நாள்: பழைய நோட்டுகளை வங்கியிலோ அஞ்சலகத்திலோ கணக்கில் செலுத்த டிசம்பர் 30. முடிவு எடுக்கப்பட்ட நாள் என்ற வரி அன்றிரவு காலியாகத்தான் இருந்திருக்கும்.

இதோடு விதிவிலக்குகளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அன்றைய அறிவிப்பில் அரசு மருத்துவமனைகள், ரயில் டிக்கெட் கவுண்டர்கள், அரசு பஸ்கள், பெட்ரோல் பங்க்குகள் போன்ற இடங்களில் நவம்பர் 11 நள்ளிரவு வரை பழைய நோட்டுகளை வாங்கிக்கொள்ளச் சலுகை இருந்தது. ‘உடனடியாக எங்கும் செல்லாது’ என்று எழுதியிருந்தால், மறுநாள் காலை நோயாளியை அழைத்துக்கொண்டு போகும் ஒருவரை அந்த வரி தேவையில்லாமல் கலங்க வைத்திருக்கும். ஒரு வினையடை செய்யக்கூடிய சேதம் இது.

இரண்டாவது: எந்த இடைவெளியைச் சொல்லப் போகிறீர்கள்?

நான்கு வரிகளையும் எழுதிய பிறகு அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். ‘திடீர்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது மூன்று தனித்தனிச் செய்திகள் ஒளிந்திருக்கின்றன.

மக்கள் அதை எதிர்பார்க்கவில்லை என்பது ஒன்று. இது வாசகரின் மனத்தில் இருந்ததைப் பற்றியது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே அவகாசம் இல்லை என்பது இரண்டாவது. இதைக் கடிகாரத்தால் அளக்கலாம். முடிவெடுக்கும் நடைமுறையே வேகமாக முடிந்தது என்பது மூன்றாவது. இது கோப்பு, குழு, மசோதா, விவாதம் ஆகியவற்றைப் பற்றியது.

இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. ஜூன் 30 நள்ளிரவில் நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தில் விழா நடந்தது. நள்ளிரவு, பெரிய மாற்றம், நாடு முழுவதும் ஒரே நாளில் அமல் என்று ‘திடீர்’ போடத் தூண்டும் அத்தனையும் அதில் உண்டு. ஆனால் அதற்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016இலேயே நிறைவேறியிருந்தது; பேச்சு அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. அங்கே ‘திடீர் வரி மாற்றம்’ என்று எழுதினால் அது தவறான தகவல்.

2021இல் வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 19 காலை பிரதமர் தொலைக்காட்சி உரையில் அறிவித்தபோது அது பலருக்கும் எதிர்பாராதது. ஆனால் அன்றைக்கே சட்டங்கள் நீங்கிவிடவில்லை. ரத்து மசோதா நவம்பர் 29 அன்று இரு அவைகளிலும் ஒரே நாளில், விவாதம் இல்லாமல் நிறைவேறியது. அறிவிப்புக்குரிய சொல் ‘எதிர்பாராத’. நிறைவேறிய விதத்துக்குரிய சொல் ‘விரைவாக’. அதைவிடவும் ‘ஒரே நாளில், விவாதமின்றி’ என்பது மேல். ஒரே விவகாரம், பத்து நாள் இடைவெளி, இரண்டு வெவ்வேறு சொற்கள்.

மூன்றாவது: சொற்களின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். அகராதியில் இந்தச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு இருக்கிறது.

‘எதிர்பாராத’ என்பதை எழுதும்போது யார் எதிர்பார்க்கவில்லை என்ற கேள்வி கூடவே வரும். 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு நாடு தழுவிய 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, நள்ளிரவு முதல் அமலானது. நாட்டின் பல பகுதிகளில் அது எதிர்பாராதது. தமிழ்நாட்டிலோ அன்று மாலை 6 மணி முதலே 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதை மாநில அரசு முந்தைய நாளே அறிவித்திருந்தது. தமிழ்நாட்டு வாசகருக்குக் கட்டுப்பாடு புதிதல்ல. 21 நாள் என்ற நீளமும் நாடு முழுவதற்குமான வீச்சும்தான் புதிது. ஆகவே ‘எதிர்பாராத’ என்று பொதுவாக விடாமல், ‘வங்கி ஊழியர்களே எதிர்பார்த்திராத’, ‘வெளிமாநிலத் தொழிலாளர்கள் எதிர்பார்த்திராத’ என்று ஆளைச் சேர்த்து எழுதுங்கள். அப்படிச் சேர்க்க வேண்டும் என்றால் அவர்களில் சிலரிடமாவது நீங்கள் பேசியிருக்க வேண்டும். அந்தக் கட்டாயமே செய்தியைத் திருத்திவிடும்.

‘எதிர்பாராதவிதமாக’ என்ற நீண்ட வடிவத்தைக் கொள்கைச் செய்தியில் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். ‘எதிர்பாராதவிதமாக லாரி மோதியது’, ‘எதிர்பாராதவிதமாகக் கால் தவறிக் கிணற்றில் விழுந்தார்’ என்று விபத்துச் செய்திகளில் ஆண்டாண்டு காலமாக எழுதி, யாருடைய நோக்கமும் இல்லாமல் நடந்தது என்ற பொருளை அதற்குக் கொடுத்துவிட்டோம். ‘அரசு எதிர்பாராதவிதமாகக் கட்டணத்தை உயர்த்தியது’ என்றால், அரசுக்கே தெரியாமல் கட்டணம் உயர்ந்துவிட்டதுபோல் தொனிக்கும். முடிவெடுத்தவரின் பொறுப்பை அந்தச் சொல் நைசாகக் கழற்றிவிடுகிறது.

‘உடனடி’ என்பது அமலாகும் நேரத்தைப் பற்றிய சொல். ‘இந்த ஆணை உடனடியாக அமலுக்கு வருகிறது’ என்று ஆவணத்தில் இருந்தால் அப்படியே எழுதலாம். ஆனால் இதற்கு நல்ல பெயர் கொஞ்சம் உண்டு. உடனடி நிவாரணம், உடனடி சிகிச்சை, உடனடி நடவடிக்கை என்றே பழகியிருக்கிறோம். யாரோ கேட்டதற்குத் தாமதமின்றிச் செய்தார்கள் என்ற நிறம் அதில் இருக்கிறது. மக்களுக்குச் சுமையாகும் ஒரு மாற்றத்துக்கு ‘உடனடி’ போடும்போது, ‘இன்று முதல்’, ‘நள்ளிரவு முதல்’ என்று நேரத்தைச் சொன்னால் அந்த நிறம் ஒட்டாது.

‘விரைவு’, ‘துரிதம்’ இரண்டும் வேகத்தைப் பாராட்டும் பக்கம் சாய்ந்தவை. ‘துரிதம்’ என்பதில் ஒரு படி கூடுதலாகவே பாராட்டு இருக்கிறது. ‘துரிதமாக முடிவெடுத்த அரசு’ என்பது விளம்பர வாசகம்போல் ஒலிப்பது அதனால்தான். எதிர்ப்பக்கத்தில் ‘அவசர அவசரமாக’ இருக்கிறது. யோசிக்காமல் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரே வேகத்தை ஒருவர் துரிதம் என்பார், மற்றவர் அவசரம் என்பார். நிருபர் இரண்டையும் தன் சொல்லாக எழுதாமல், எத்தனை நாளில், எத்தனை மணி நேரத்தில் முடிந்தது என்று எழுதிவிட்டுத் தள்ளி நிற்கலாம்.

‘அவசர’ என்பதில் இன்னொரு பள்ளமும் உண்டு. ‘அவசரச் சட்டம்’ என்பது நாடாளுமன்றமோ சட்டமன்றமோ கூடாத காலத்தில் குடியரசுத் தலைவரோ ஆளுநரோ பிறப்பிக்கும் சட்டத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர். அவையில் ஒரே நாளில் நிறைவேறிய மசோதாவை ‘அவசரச் சட்டம்’ என்று எழுதினால், அது வேறொரு சட்ட நடைமுறையைச் சொல்லிவிடும். 2020 ஜூனில் வேளாண் சட்டங்கள் முதலில் அவசரச் சட்டங்களாகவே வந்தன. செப்டம்பரில்தான் நாடாளுமன்றத்தில் சட்டங்களாக நிறைவேறின. இந்த இரு கட்டங்களையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிய பிரதிகள் நிறையவே கண்ணில் பட்டிருக்கின்றன.

‘அதிரடி’ பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கொள்கைச் செய்தியில் அதற்கு இடமே இல்லை. அது வேகத்தையும் சொல்லவில்லை, எதிர்பாராமையையும் சொல்லவில்லை. துணிச்சல், வீரம், ஒரே அடியில் முடித்தல் என்று முடிவெடுத்தவரின் தோளைத் தட்டுகிறது. அதே சொல்லைத்தான் ஜவுளிக் கடைக்காரர்கள் தள்ளுபடி விலைக்கும் வைத்திருக்கிறார்கள். ‘தடாலடி’ அதன் மறுபக்கம், திட்டுவதற்கென்றே இருப்பது. இரண்டையும் பேசியவரின் மேற்கோளுக்குள் மட்டும் விடுங்கள்.

‘இரவோடு இரவாக’ என்பதைச் சொல்லாமல் முடியாது, ஏனென்றால் 2016 செய்திக்கு எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். சிலையை இரவோடு இரவாக அகற்றினார்கள், குடிசைகளை இரவோடு இரவாக இடித்தார்கள் என்று சொல்லும்போது, பிறர் கண்ணில் படாமல் செய்தார்கள் என்பதே பொருள். நாட்டு மக்கள் அனைவரும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அறிவித்ததை அப்படிச் சொல்ல முடியாது. தயாரிப்பு ரகசியமாக நடந்தது. அறிவிப்பு பகிரங்கமாக நடந்தது. ‘ஒரே இரவில்’ என்றால் இந்த மறைமுகத் தொனி இல்லை. ஆனால் அதிலும் நேரத் தகவல் தெளிவாக இல்லை.

இனி, ஓடிக்கொண்டிருந்த ஒன்று பாதியில் நிற்பதைக் குறிக்கும் சொற்கள். உதவித்தொகை, மானியம், பஸ் சேவை போன்றவை நிறுத்தப்படும்போது இவை தேவைப்படும். ‘பாதியில் நிறுத்தம்’, ‘முன்னறிவிப்பின்றி நிறுத்தம்’, ‘ஒரேயடியாக நிறுத்தம்’ என்று மூன்று வழக்குகள் உண்டு. ‘பாதியில்’ என்றால் முடிய வேண்டிய நாள் ஒன்று இருந்தது என்று பொருள். அந்த நாளையும் எழுதுங்கள். ‘ஒரேயடியாக’ என்றால் படிப்படியாகக் குறைக்காமல் முழுவதும் நின்றது என்று பொருள். ‘முன்னறிவிப்பின்றி’ என்பது சரிபார்த்த பின்னரே எழுத வேண்டிய சொல். துறையின் இணையதளத்தில் ஒரு மூலையில் இரண்டு வாரத்துக்கு முன்பே அறிவிப்பு இருந்தால், உங்கள் செய்திக்கு மறுப்பு வரும். அத்தகைய இடத்தில் ‘பயனாளிகளுக்குத் தனியே தகவல் தரப்படவில்லை’ என்பதே உண்மையாக இருக்கும்.

சட்டென்று, பட்டென்று, மளமளவென்று ஆகியவை கதைக்கும் கட்டுரைக்கும் உரியவை. ஓர் ஆளின் அசைவைச் சொல்லும்போது அவை அழகு. அரசாணைக்கு ஒட்டாது.

இவ்வளவுக்கும் பிறகு ‘திடீர்’ என்ற சொல்லே வேண்டாமா என்று கேட்கலாம். நிச்சயம் வேண்டும். அது எளிய, நடுநிலையான சொல். வீட்டுச் சமையலில் திடீர் சாம்பார்ப் பொடியாகவும், மதுரையிலும் சென்னையிலும் திடீர் நகர் என்று ஊர்ப்பெயராகவும் கலந்துவிட்ட சொல். அதிகாரிகள் சொல்லாமல் வந்து சோதனையிட்டால் ‘திடீர் சோதனை’ என்பதைவிடத் தெளிவான தொடர் கிடையாது. செய்தி ஒன்றுக்கு ஒருமுறை, பொருத்தமான பெயர்ச்சொல்லின் முன்னால் வந்தால் போதும்.

நான்காவது: எந்தப் பெயர்ச்சொல்லின் முன்னால்?

திடீர் அறிவிப்பு, திடீர் முடிவு, திடீர் மாற்றம் ஆகிய மூன்றும் ஒன்றுபோல் தோன்றும். முடிவு எடுக்கப்பட்ட நாள் என்ற வரி தாளில் காலியாக இருக்கிறதா? அப்படியானால் ‘திடீர் முடிவு’ என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை. வெளியே தெரிந்தது அறிவிப்பு மட்டும்தான்.

2016 விவகாரம் இதை நன்றாக விளக்குகிறது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ரிசர்வ் வங்கியுடன் பல மாதங்களாக ஆலோசனை நடந்ததாக மத்திய அரசு தெரிவித்தது. 2023 ஜனவரி 2 அன்று வந்த தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் நடவடிக்கை செல்லும் என்றனர். ஆறு மாத காலம் ஆலோசனை நடந்ததையும் குறிப்பிட்டனர். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி பி.வி.நாகரத்னா, முழு நடவடிக்கையும் 24 மணி நேரத்துக்குள் முடிந்ததைச் சுட்டிக்காட்டினார். நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரே பார்வை இல்லாத ஒன்றை, அறிவிப்பு வந்த இரவில் ‘திடீர் முடிவு’ என்றோ ‘அவசர முடிவு’ என்றோ ஒரு நிருபர் தன் பொறுப்பில் எழுத முடியாது. ‘திடீர் அறிவிப்பு’ என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க வழியில்லை.

ஐந்தாவது: பிரதியைத் திருத்திப் பார்ப்போம்

அன்றிரவு ஒரு புதியவர் இப்படி எழுதிக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“ரூ.500, ரூ.1000 நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் மோடி திடீரென அறிவித்தார். இந்தத் திடீர் முடிவால் பொதுமக்கள் அதிர்ச்சி அடைந்தனர். நோட்டுகள் உடனடியாகச் செல்லாததாகிவிட்டதால் ஏ.டி.எம்.களில் திடீர் கூட்டம் ஏற்பட்டது.”

‘திடீர்’ மூன்று முறை வந்துவிட்டதே என்று உறுத்தி, அவரே மாற்றி எழுதுகிறார்:

“ரூ.500, ரூ.1000 நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் மோடி அதிரடியாக அறிவித்தார். இந்த எதிர்பாராத முடிவால் பொதுமக்கள் அதிர்ச்சி அடைந்தனர். நோட்டுகள் இரவோடு இரவாகச் செல்லாததாகிவிட்டதால் ஏ.டி.எம்.களில் கூட்டம் அலைமோதியது.”

இரண்டாவது பிரதி முதலாவதைவிட மோசம். முதலாவதில் சலிப்பு இருந்தது. இரண்டாவதில் ஒரு பாராட்டும் ஒரு மறைமுகத் தொனியும் புகுந்துவிட்டன. இரண்டிலுமே வாசகருக்கு உடனே தேவையானது இல்லை. நோட்டு எந்த நேரத்திலிருந்து செல்லாது, கையில் இருப்பதை என்ன செய்வது, நாளைக்கு வங்கி திறக்குமா?

தாளில் எழுதிய நேரங்களைக் கொண்டு திருத்தினால் இப்படி வரும்:

“புழக்கத்தில் உள்ள ரூ.500, ரூ.1000 நோட்டுகள் செவ்வாய்க்கிழமை நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். நள்ளிரவுக்குச் சுமார் நான்கு மணி நேரமே இருந்த நிலையில், தொலைக்காட்சியில் ஆற்றிய உரையில் அவர் இதைத் தெரிவித்தார். பழைய நோட்டுகளை டிசம்பர் 30 வரை வங்கி, அஞ்சலகக் கணக்குகளில் செலுத்தலாம். வங்கிகள் புதன்கிழமை பொதுமக்களுக்கு இயங்காது. அரசு மருத்துவமனைகள், ரயில் டிக்கெட் கவுண்டர்கள் உள்ளிட்ட சில இடங்களில் மட்டும் நவம்பர் 11 நள்ளிரவு வரை பழைய நோட்டுகள் ஏற்கப்படும்.”

இதில் ‘திடீர்’ ஒருமுறைகூட இல்லை. ஆனால் படிப்பவருக்குத் திடுக்கென்று இருக்கும். அந்த உணர்வைச் ‘சுமார் நான்கு மணி நேரமே’ என்ற தொடர் கொண்டுவந்துவிடுகிறது. அதில் இருக்கும் ஏகாரத்தைக் கவனியுங்கள். ‘நான்கு மணி நேரம் இருந்த நிலையில்’ என்பது வெறும் நேரம். ‘நான்கு மணி நேரமே’ என்னும்போது குறைவு என்ற அளவீடு வந்துவிடுகிறது. இந்த இடத்தில் அது நியாயமானது. மூன்று மாத அவகாசம் தந்த மாற்றத்துக்கு ‘மூன்று மாதமே அவகாசம்’ என்று எழுதினால், அந்த ஒற்றை எழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ‘கூட’ என்பதும் இப்படித்தான். ‘நான்கு மணி நேரம்கூட இல்லை’ என்பது இன்னும் ஒரு படி மேலே போய்க் குறை சொல்கிறது. பிரதியில் பெரிய சொற்களைத் தேடிப் பிடிக்கும் உதவி ஆசிரியர்கள் இந்தச் சின்ன விகுதிகளைத் தப்பவிட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, ‘மக்கள் அதிர்ச்சி’ என்ற வாக்கியம். அதை நீக்கிவிட்டு, கோயம்பேட்டிலோ ஒரு ஏ.டி.எம். வாசலிலோ யாரிடமாவது பேசிக் கேட்டதை எழுதுங்கள். யாரிடமும் பேச நேரமில்லை என்றால் அந்த வாக்கியம் இல்லாமலேயே செய்தி முழுமையாக இருக்கும்.

ஒப்பிடுவதற்கு இன்னொரு நோட்டு

அதே ரிசர்வ் வங்கி, 2023 மே 19 மாலையில் ரூ.2000 நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எல்லோர் மனமும் உடனே 2016க்குப் போனது. பழைய சொற்களும் கூடவே வந்துவிட்டன. ஆனால் தாளை எழுதிப் பார்த்தால் வேறு படம் தெரியும். நோட்டுகள் தொடர்ந்து செல்லும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. மே 23 முதல் எந்த வங்கியிலும் ஒரு தடவைக்கு ரூ.20,000 வரை மாற்றலாம். கடைசி நாள் செப்டம்பர் 30. பின்னர் அது அக்டோபர் 7 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நோட்டை அச்சிடுவது 2018-19லேயே நிறுத்தப்பட்டிருந்தது.

அறிவிப்பு வந்த நாள் பலருக்கு எதிர்பாராதது. அவகாசமோ நான்கு மாதத்துக்கும் மேல். ஆகவே ‘ரூ.2000 நோட்டு திடீர் வாபஸ்’ என்ற தலைப்பு அறிவிப்பைப் பொறுத்தவரை மட்டும் சரி. அது நோட்டு இன்றோடு செல்லாது என்ற பயத்தைக் கிளப்பும். ‘ரூ.2000 நோட்டை செப்.30 வரை மாற்றலாம்: ரிசர்வ் வங்கி’ என்பதில் அந்தப் பயத்துக்கு வழியில்லை. தலைப்பில் இடம் போதாது என்பதால்தான் ‘திடீர்’ போட்டோம் என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. ‘இன்று முதல்’, ‘ஜூலை 1 முதல்’ என்ற இரண்டு சொற்களுக்கு இடம் இருக்கும்வரை அந்தக் காரணம் எடுபடாது.

ஆறாவது: குற்றச்சாட்டையும் விளக்கத்தையும் பேசியவர் வாயில் விடுங்கள்

‘போதிய அவகாசம் தரவில்லை’ என்பதில் ‘போதிய’ கருத்து. ‘எவ்விதக் கலந்தாலோசனையும் இல்லாமல்’ என்பது, ஆலோசனை நடக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் மட்டுமே தகவல். இரண்டையும் சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். சங்கத்தின் தலைவர், எதிர்க்கட்சி உறுப்பினர், துறைச் செயலர் என்று யாராக இருந்தாலும் சரி. அரசுத் தரப்பில் ‘திட்டமிட்ட நடவடிக்கை’ என்றால் அதுவும் மேற்கோளில்தான். இந்த விஷயத்தில் அரசின் செய்திக்குறிப்பிலிருந்து நேராக வரும் ‘துரித’ என்ற சொல்லையும், போராட்டத் துண்டறிக்கையிலிருந்து வரும் ‘தடாலடி’ என்ற சொல்லையும் ஒரே கண்ணால் பாருங்கள்.

ஏழாவது: அடுத்த நாள்களின் செய்தி

பெரிய மாற்றத்தின் பிறகு சின்ன மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ‘திடீர்’ போட்டால் அந்தச் சொல் தேய்ந்து, வாசகர் கண்ணில் படாமலே போய்விடும். 2016 நவம்பரில் கவுண்டரில் நோட்டு மாற்றும் வரம்பு முதலில் ரூ.4,000, பிறகு ரூ.4,500, நவம்பர் 18 முதல் ரூ.2,000 என்று மாறிக்கொண்டே இருந்தது. இதற்குப் பொருத்தமான நடை எண்ணை வைத்து எழுதுவதுதான்: ‘ரூ.4,500 ஆக இருந்த வரம்பு ரூ.2,000 ஆகக் குறைப்பு’. எந்த அடைமொழியும் வேண்டியதில்லை.

நவம்பர் 24 அன்று வந்த அறிவிப்பைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். அன்று நள்ளிரவுக்குப் பிறகு கவுண்டரில் பழைய நோட்டுகளை மாற்ற முடியாது, கணக்கில் செலுத்த மட்டுமே முடியும் என்று அரசு அறிவித்தது. ‘நோட்டு மாற்றம் திடீர் நிறுத்தம்’ என்ற தலைப்பு கையில் தயாராக இருக்கும். ஆனால் நவம்பர் 8 உரையை எடுத்துப் படித்தால், நவம்பர் 25 முதல் மாற்றும் வரம்பு உயர்த்தப்படும் என்று பிரதமர் சொல்லியிருப்பார். உயரும் என்று சொன்ன நாளில் மாற்றுவதே நின்றுவிட்டது. இங்கே செய்தி வேகத்தில் இல்லை, முன்னர் சொன்னதற்கும் இப்போது செய்வதற்கும் உள்ள முரணில் இருக்கிறது. ‘முன்பு அறிவித்ததற்கு மாறாக’ என்ற தொடரே அதற்குரியது. பழைய உரையின் தேதியையும் வாக்கியத்தையும் இரண்டாம் பத்தியில் வைத்துவிட்டால், எந்த வாசகரும் எந்தத் துறையும் மறுக்க முடியாத செய்தி அது. இப்படிப்பட்ட இடங்களில் ‘திடீர்’ போடுவது, கையில் இருக்கும் வலுவான செய்தியை நாமே மழுங்கடிப்பதாகும். அதனால் ஒவ்வொரு மாற்றச் செய்திக்கும் முந்தைய அறிவிப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிரதியை அனுப்புவதற்கு முன் கணினியில் `Ctrl+F` அழுத்தி ‘திடீ’ என்று மட்டும் தேடுங்கள். திடீர், திடீரென, திடீரென்று எல்லாமே சிக்கும். அடுத்து ‘அதிரடி’, ‘எதிர்பாரா’, ‘அவசர’ என்று தேடுங்கள். அகப்படும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தாளில் எழுதிய நேரம் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். நேரம் இருந்தால் சொல்லை எடுத்துவிட்டு நேரத்தை வையுங்கள். நேரம் இல்லை என்றால் துறை அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். அமலுக்கு வரும் தேதியைக் கேட்டு வாங்கிய பிறகு பிரதியை அனுப்பலாம்.